தன்னார்வலர் விண்ணப்பக் கடிதமா? திட்டத்தின் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள்

யாராவது தன்னார்வலர் விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்துத் தரச் சொன்னால், முதலில் திட்டத்தின் பெயரையும் ஊரையும் விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். அப்புறமும் அது என்ன வேலைக்கான கடிதம் என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால், அனுபவத்துக்கும் வேலைக்கும் இடையே இணைப்பு இல்லை.

தனுஷ்கோடிப் பக்கம் கடல் ஆமை முட்டைகளைப் பாதுகாப்பதற்காகச் சேகரிக்கும் பணிக்கு ஒரு பெண் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “நான் கடற்கரையில் வளர்ந்தவள், கடல் என்றால் உயிர்” என்பது படகுத்துறையைச் சுத்தம் செய்யும் வேலைக்கும் பொருந்தும். “அப்பாவுடன் விடியுமுன் கரைவலை இழுக்கப் போவேன், டார்ச் இல்லாமலே மணலில் ஆமைத் தடத்தை அடையாளம் காண்பேன். அதனால் இரவு ரோந்தில் உதவ முடியும்” என்று எழுதினால் ஆள் எங்கே பயன்படுவாள் என்பது உடனே தெரியும். தேர்வு செய்பவர் ஆர்வத்தை அளக்க முடியாது, செய்த வேலையை அளக்கலாம்.

இணைப்பை வலிந்து ஒட்டவும் வேண்டாம். கணக்கியல் படித்தவர் முட்டையைக் கையாளத் தெரியும் என்று காட்டப் பார்ப்பதைவிட, கூடுவாரியாகத் தேதி, இடம், முட்டை எண்ணிக்கை பதிந்து வைப்பேன் என்று எழுதலாம். அதற்கும் அங்கே ஆள் தேவை.

அனுபவமே கேட்காமல், பயிற்சியும் தாங்களே தரும் முகாம்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே எந்த மாதங்களில் வர முடியும், இரவில் தங்க முடியுமா என்பதைத் தெளிவாக எழுதியிருந்தால் போதும்.