கலங்கல் தண்ணீரும் படிகாரமும்: எங்கே தவறு நடக்கிறது?

வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று சுற்று பெய்ததும் ராமநாதபுரம் பக்கத்து ஊரணிகளில் தண்ணீர் பால் விட்ட டீயின் நிறத்தில் நிற்கும். குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் அதைத்தான் மொண்டு வந்து தெளிய வைக்க வேண்டும். துணி, குடம், படிகாரம் மூன்றும் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். ஆனாலும் சில நேரம் தண்ணீர் தெளிவதில்லை. தெளிந்தாலும் நாக்கில் துவர்க்கிறது. படிகாரம் சரியில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை படிகாரத்தில் இருக்காது, போட்ட விதத்தில் இருக்கும்.

முதல் தவறு, மொண்டு வந்த கையோடு படிகாரத்தைப் போடுவது. கலங்கல் தண்ணீரில் இருப்பது ஒரே வகை அழுக்கு இல்லை. இலைத்துண்டு, பாசி, கொசுப்புழு, நீர்ப்பூச்சி எல்லாம் ஒரு பக்கம். மணல், வண்டல், களிமண் இன்னொரு பக்கம். துணியிலேயே நின்றுவிடக்கூடியதையும் தானாகவே அடியில் இறங்கக்கூடியதையும் முதலில் எடுத்துவிட்டால் படிகாரத்துக்கு மிஞ்சும் வேலை கொஞ்சம்தான். எடுக்காமல் போட்டால் அந்தக் குப்பையும் படிகாரத்தைத் தின்னும், நீங்களும் அளவைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.

துணி என்றால் பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டி. புதுத்துணி வேண்டாம். பலமுறை துவைத்த துணியில் நூல் பிரிந்து, பஞ்சு போல விரிந்து, இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைத்திருக்கும். அதனால் அது புதுத்துணியை விட நன்றாக வடிகட்டும். சாயம் போகாத துணியாக இருக்கட்டும். ஒற்றை மடிப்பில் வடிகட்டுவது கண் துடைப்பு. குறைந்தது நான்கு மடிப்பு வேண்டும். வங்கதேசத்தின் மத்லப் பகுதி கிராமங்களில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. பழைய புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து, குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் எடுத்த வீடுகளில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2003-இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி அவ்வளவு சின்னது, தனியாக வந்தால் துணியில் நிற்காது. ஆனால் அது பெரும்பாலும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வருகிறது. பூச்சி துணியில் நிற்க, கிருமியும் அதனோடு நின்றுவிடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு துணி போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாக் கிருமியும் பூச்சி மேல் சவாரி செய்வதில்லை. களிமண்ணும் துணியில் நிற்காது. வடிகட்டிய பிறகும் நிறம் மாறவில்லையே என்று எட்டு மடிப்பு, பத்து மடிப்பு என்று கூட்டிப் பயனில்லை. தண்ணீர் இறங்காமல் நிற்பதுதான் மிச்சம். இன்னொன்று, இன்று மேலே இருந்த பக்கத்தை நாளை கீழே திருப்பிக் கட்டினால் நேற்றுப் பிடித்த அழுக்கு அத்தனையும் இன்றைய குடத்துக்குள் போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு வைத்தால் எந்தப் பக்கம் மேல் என்ற குழப்பம் வராது.

வடிகட்டியதை ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். ஒரு அடி உயரமுள்ள வாளியில் நுண்மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும். வண்டலில் நடுத்தர அளவுத் துகளுக்கு ஒரு மணி நேரம் போல ஆகும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள களிமண் துகளுக்கு நான்கு நாள் வேண்டும். அதைவிடப் பொடியானது மாதக்கணக்கில் மிதக்கும். ஆக, ஒரு மணி நேரத்தில் இறங்காதது இரண்டு மணி நேரத்திலும் பெரிதாக இறங்கப் போவதில்லை. அடிமண்ணை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

களிமண் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? சின்னதாக இருப்பது பாதிக் காரணம். மீதி, ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் எதிர் மின்னூட்டம் இருப்பது. எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், ஒட்டிச் சேர்ந்து பெரிதாகாது. படிகாரம் கரையும்போது அதிலுள்ள அலுமினியம் நேர் மின்னூட்டத்தோடு வெளியே வந்து இந்தத் தள்ளலைத் தணிக்கிறது. அதே அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வழவழப்பான வெண் திரளாகவும் மாறுகிறது. தள்ளல் அடங்கிய துகள்கள் அந்தத் திரளில் சிக்கி, கண்ணுக்குத் தெரியும் திப்பிகளாகி, எடை கூடிக் கீழே இறங்குகின்றன.

இது புரிந்தால் படிகாரக் கட்டியைக் கையில் பிடித்து வாளிக்குள் நாலு சுற்று சுற்றுவது ஏன் நல்ல முறை இல்லை என்பதும் புரியும். அப்படிச் செய்தால் எவ்வளவு கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. கட்டியைக் குடத்திலேயே போட்டு வைப்பது இன்னும் மோசம். படிகாரம் அதிகமானால் இன்னும் தெளியும் என்பது பொய்க்கணக்கு. அளவு மீறினால் துகள்களின் மேல் நேர் மின்னூட்டம் ஏறி, அவை மறுபடியும் ஒன்றையொன்று தள்ள ஆரம்பிக்கும். தண்ணீரும் புளித்துத் துவர்க்கும். கரைந்த அலுமினியம் குடிநீரில் தங்குவதும் நல்லதல்ல. இந்தியக் குடிநீர்த் தரம் அதற்கு லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 0.2 வரை.

சரி, அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் செய்வதையே சிறிய அளவில் வீட்டில் செய்யலாம். படிகாரத்தைப் பொடித்து 10 கிராம் எடுத்து ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். தராசு இல்லையென்றால் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் பொடி ஏறக்குறைய அந்த எடை வரும். இப்போது ஒரு மில்லி கரைசலில் 10 மில்லிகிராம் படிகாரம் இருக்கிறது. மேல்பகுதியை வெட்டிய ஐந்து பாட்டில்களில், துணியில் வடிகட்டி ஒரு மணி நேரம் வைத்து எடுத்த கலங்கல் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஊற்றுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சால் 2, 4, 6, 8, 10 மில்லி என்று வரிசையாக விடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கிவிட்டு, அப்புறம் பத்து நிமிடம் மெதுவாக, கரண்டி தண்ணீரை நகர்த்தினால் போதும் என்கிற வேகத்தில் சுற்றுங்கள். பிறகு தொடாமல் அரை மணி நேரம் விடுங்கள்.

2 மில்லி விட்டது அப்படியே கலங்கலாக இருக்கிறது, 4 மில்லியில் திப்பி வந்தும் மேலே மங்கல் நிற்கிறது, 6 மில்லியில் தெளிந்துவிட்டது, 8-உம் 10-உம் அதே தெளிவுதான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அளவு 6. இருபது லிட்டர் வாளிக்கு 120 மில்லி கரைசல், அதாவது படிகாரமாகப் பார்த்தால் 1.2 கிராம்தான். கட்டியைச் சுழற்றும் ஆட்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். அடுத்த மழை பெய்து புதுத்தண்ணீர் சேர்ந்ததும் இந்த அளவு செல்லாது, மறுபடி சோதிக்க வேண்டும். கலங்கல் பாதியாகிவிட்டது, அதனால் படிகாரமும் பாதி போதும் என்று கணக்குப் போடவும் முடியாது. லேசாக மங்கிய தண்ணீரில் துகள்கள் தூரம் தூரமாக இருப்பதால் ஒன்றோடொன்று மோதுவதே அரிது. சில சமயம் அதைத் தெளிய வைப்பதுதான் சிரமம்.

கலக்குவதில்தான் பொறுமை போய்விடுகிறது. கரைசலை ஊற்றிவிட்டுச் சும்மா விட்டால் அது ஒரே இடத்தில் நின்று வீணாகும். அதனால்தான் முதல் நிமிடத்தில் வேகம். அதே வேகத்தில் கலக்கிக்கொண்டே இருந்தால் சேர்ந்த திப்பி உடைந்துவிடும். உடைந்த திப்பி பழையபடி நன்றாக ஒட்டுவதில்லை. படிந்த பிறகு வாளியைச் சாய்த்து ஊற்றுவதும் இதே வகைத் தவறு. மேலிருந்து சொம்பால் மெதுவாக மொள்ளுங்கள், அல்லது குழாய் வைத்து இறக்குங்கள். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு விட்டுவிடுங்கள், துணியில் பிழிந்து மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். தண்ணீரிலிருந்து பிரிந்த கிருமிகளில் பெரும்பங்கு அந்தச் சேற்றில்தான் இருக்கும். அதைக் கிணற்றுக்கும் ஊரணிக்கும் தள்ளி மண்ணில் கொட்டுங்கள்.

ஊரணித் தண்ணீருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. படிகாரம் திப்பியாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரில் அதை ஈடுகட்டும் காரத்தன்மை இருந்தால்தான் வினை ஒழுங்காக நடக்கும். கிணற்றுத் தண்ணீரில் இது தாராளமாக இருக்கும், புதிதாகப் பெய்த மழைநீரில் குறைவு. ஐந்து பாட்டிலிலும் திப்பியே வரவில்லை என்றால் இதுதானா என்று பாருங்கள். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல் நீரில் லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் முதலில் விட்டுவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இதற்கு மேல் படிகாரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் புளிப்புதான் ஏறும்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் படிகாரத்துக்குப் பக்கத்திலேயே வெங்காரமும் வெள்ளைக் கட்டியாக இருக்கும். அது வேறு பொருள், குடிநீரில் சேரக் கூடாது. படிகாரத்தைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பற்பத்துக்காகப் பொரித்து வைத்த படிகாரமும் வேண்டாம், அது சரியாகக் கரையாது. தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதையே தொடரலாம். துணி, ஒரு மணி நேரம், மெதுவான கலக்கல் எல்லாம் அதற்கும் பொருந்தும்.

கடைசித் தவறுதான் ஆளைப் படுக்க வைக்கும். கண்ணாடி போலத் தெளிந்ததும் அப்படியே குடித்துவிடுவது. படிகாரம் கிருமியைக் கொல்லவில்லை, பெரும்பகுதியைச் சேற்றோடு இறக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தெளிந்த நீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். அல்லது அட்டையில் போட்டிருக்கும் அளவுக்குக் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கலங்கலில் மாத்திரை போட்டால் குளோரினை மண்ணும் அழுகலுமே தீர்த்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. உப்பு, வயலிலிருந்து வழிந்து வந்த பூச்சிமருந்து போன்ற கரைந்த பொருட்களைத் துணியோ படிகாரமோ கொதிக்க வைப்பதோ நீக்காது. மருந்து அடித்த வயல் தண்ணீர் ஊரணிக்குள் வந்தது தெரிந்தால், எவ்வளவு தெளிந்திருந்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம்.