சேவையைச் சில மணி நேரம் நிறுத்தப் போகிறோம் என்று வாடிக்கையாளருக்கு எழுதுவது எப்படி?

ஒரு உதாரணத்தை வைத்தே போகலாம். இணையத்தில் பில் போடும் சேவை ஒன்றை நடத்துகிறோம். டேட்டாபேஸை புது சர்வருக்கு மாற்ற வேண்டும், அதற்கு 2026 மார்ச் 14 சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அறிவிப்பை எழுத உட்கார்ந்ததும் பலரும் முதலில் தட்டுவது "பராமரிப்புப் பணி காரணமாக சேவையில் தடங்கல் ஏற்படலாம்" என்ற வரியைத்தான். இதைப் படிப்பவருக்கு எப்போது, எது ஓடாது, அதுவரை என்ன செய்வது என்ற மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது.

1. நேரத்தைக் கணக்கிடுங்கள்

வேலைக்கு ஆகும் நேரமும் அறிவிக்க வேண்டிய நேரமும் ஒன்றல்ல. டேட்டாவின் நகல் ஒன்றை வைத்து ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நம் ஒத்திகையில் மாற்றுவதற்கு 70 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க 30 நிமிடம். சரியாக வரவில்லை என்றால் பழைய சர்வருக்கே திரும்ப 50 நிமிடம். மொத்தம் 150 நிமிடம். கொஞ்சம் இடம் விட்டு மூன்று மணி நேரம் என்று அறிவிக்கலாம். திரும்பி வருவதற்கான நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் "இன்னும் ஒரு மணி நேரம்" என்று மூன்று தடவை மெயில் போக வேண்டியிருக்கிறது.

இரவு 11:30க்குத் தொடங்கினால் அதிகாலை 2:30க்கு முடிக்க வேண்டும். இதை எழுதும்போது "சனி இரவு 12 மணி" மாதிரியான சொற்கள் வேண்டாம். சனிக்கிழமை பிறக்கும்போது வரும் 12 மணியா, முடியும்போது வருவதா என்று படிப்பவர் குழம்புவார். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியாகக் கிழமை, தேதி, நேரம் மூன்றும் போடுங்கள். வாடிக்கையாளர்கள் வேறு நேர மண்டலத்திலும் இருந்தால் அவர்களுக்கு ஒரு வரி தனியாக வேண்டும். உலகப் பொது நேரமான யூடிசியை வைத்துச் சொன்னால், நம் யூடிசி +5:30ல் சனி இரவு 11:30 என்பது யூடிசி +8ல் ஞாயிறு அதிகாலை 2:00. மணி மட்டுமல்ல, கிழமையே மாறிவிடுகிறது. கணக்குப் போடும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

2. பாதிப்பை அவர்கள் பக்கத்திலிருந்து எழுதுங்கள்

"டேட்டாபேஸ் இயங்காது" என்பது நம் பாஷை. அவர் அன்றாடம் என்னென்ன செய்கிறார் என்று வரிசையாக யோசித்து, ஒவ்வொன்றும் அந்த மூன்று மணி நேரத்தில் நடக்குமா என்று சர்வர் பார்க்கும் ஆளிடம் கேளுங்கள். புது பில் போட முடியாது, பழைய பில்லைப் பார்க்கவும் முடியாது. இதெல்லாம் எளிதில் தோன்றிவிடும்.

தோன்றாமல் போவது இரண்டு. ஒன்று, யாரும் தொடாமல் தானாக நடக்கும் வேலைகள். நள்ளிரவில் போகும் தினசரி கணக்கு மெயில் அன்று போகுமா, தாமதமாகப் போகுமா, போகவே போகாதா? இன்னொன்று, நம் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர். பில்லோடு அனுப்பிய பணம் கட்டும் லிங்க்கை அந்த நேரத்தில் ஒருவர் திறந்தால் பிழைதான் வரும். நம் அறிவிப்பு அவருக்குப் போகாது. அதனால் அதை நம் வாடிக்கையாளர்தான் அவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

"டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாதே?" என்பது தவறாமல் வரும் கேள்வி. பேக்கப் எடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறோம் என்று முன்பே ஒரு வரி போட்டுவிட்டால் அந்தக் கேள்விகள் குறையும்.

வேறு மென்பொருள்கள் நம் சேவையோடு பேசுகின்றன என்றால், அவற்றுக்கும் ஒரு பதில் வேண்டும். டெவலப்பரிடம் இதைக் கொடுங்கள்:

```
HTTP/1.1 503 Service Unavailable
Retry-After: Sat, 14 Mar 2026 21:00:00 GMT
```

இப்போதைக்குச் சேவை இல்லை, இந்த நேரத்துக்குப் பிறகு வா என்று பொருள். 21:00 ஜிஎம்டி என்பது நமது அதிகாலை 2:30.

3. மாற்று வழியை நீங்களே செய்து பாருங்கள்

நான் பட்டது இங்கேதான். நிறுத்தத்தின்போது பயன்படுத்த ஒரு எக்செல் படிவம் தயாரித்து, லிங்க்கை மெயிலில் போட்டிருந்தேன். இரவில் முதல் ஆள் அதை அழுத்தியபோதுதான் உறைத்தது: படிவம் இருந்ததும் அதே சர்வரில். நாங்களே நிறுத்தி வைத்திருந்த சர்வர்! அன்றிலிருந்து படிவம் மெயிலோடு இணைப்பாகவே போகிறது. நிலவரம் சொல்லும் பக்கமும் வேறு இடத்தில் இருக்கிறது.

படிவம் கொடுத்தால் மட்டும் போதாது, பில் எண் மோதாமல் இருக்கவும் வழி சொல்ல வேண்டும். கடைசி பில் 1204 என்றால், கையால் போடுபவர் 1205 என்று எழுதுவார். பிறகு சேவை திரும்பியதும் அதுவும் 1205ல் தொடங்கும். ஆக, படிவத்தில் T-1, T-2 என்று எழுதச் சொல்லுங்கள், பிறகு படிவத்தை ஏற்றும்போது சேவை அந்த எண்களை மாற்றாமல் எடுத்துக்கொள்கிறதா என்று இரண்டு பொய் பில்லை வைத்து முன்கூட்டியே சோதியுங்கள். அப்புறம், பழைய பில் தேவைப்படுபவர் எத்தனை மணிக்குள் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

4. இப்போது எழுதலாம்

> பொருள்: மார்ச் 14 சனி இரவு 11:30 முதல் 3 மணி நேரம் பில் போட முடியாது
>
> வணக்கம். புது சர்வருக்கு மாறுவதால் எங்கள் சேவை மார்ச் 14 சனி இரவு 11:30 முதல் மார்ச் 15 ஞாயிறு அதிகாலை 2:30 வரை இயங்காது. (யூடிசி +8ல் இருப்பவர்களுக்கு: ஞாயிறு அதிகாலை 2:00 முதல் 5:00 வரை.)
>
> அந்த நேரத்தில் பில் போடவோ பார்க்கவோ முடியாது. நீங்கள் அனுப்பிய பணம் கட்டும் லிங்க்குகளும் திறக்காது. அந்த நேரத்தில் பணம் கட்டக்கூடியவர்களிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். தினசரி கணக்கு மெயில் அதிகாலை 2:30க்குப் பிறகு வரும். பேக்கப் எடுத்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம்.
>
> அவசரமாக பில் போட, இணைத்துள்ள எக்செல் படிவத்தில் T-1, T-2 என்று எண்ணிட்டு எழுதி வையுங்கள். சேவை திரும்பியதும் 'இறக்குமதி' பக்கத்தில் ஏற்றலாம். பழைய பில்கள் தேவை என்றால் சனி இரவு 11:00க்குள் இறக்கிக்கொள்ளுங்கள்.

மெயிலின் பொருள் வரியிலேயே முக்கால்வாசி செய்தி இருப்பதைக் கவனியுங்கள். மெயிலைத் திறக்காதவருக்கும் அது போய்ச் சேரும். புது சர்வர் எவ்வளவு வேகமானது என்ற புராணம் இதில் வேண்டாம். அனுப்பும் முன், தொழில்நுட்பம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "ஞாயிறு காலை 1 மணிக்கு பில் போட வேண்டும், என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தில்தான் குறை.

5. எப்போது அனுப்புவது

ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தைய நாள் ஒருமுறை, அன்று மாலையிலிருந்து ஆப்பின் மேலே ஒரு பட்டை. ஒவ்வொன்றிலும் அதே நேரம், அதே சொற்கள். நினைவூட்டலில் வாசகத்தை மாற்றினால் திட்டமே மாறிவிட்டதோ என்று நினைப்பார்கள்.

வேலை நடக்கும்போது ஒரு நேரத்தைக் குறித்து வையுங்கள்: நம் கணக்குப்படி அதிகாலை 1:40. திரும்பி வர 50 நிமிடம் வேண்டும் என்பதால், அதற்குள் புது சர்வர் சரியாக ஓடவில்லை என்றால் பழையதற்கே திரும்புவது என்று முடிவெடுக்க வேண்டும். எப்படியும் 2:30 தாண்டும் என்று தெரிந்தால், 2:30 ஆகும் முன்பே புது நேரத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் போகும் மெயிலில், படிவத்தை ஏற்ற வேண்டிய பக்கத்தின் லிங்க்கைப் போட மறக்காதீர்கள். T-1 என்று எழுதி வைத்திருப்பவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.