கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால்: கழுவும்போது நடக்கும் தவறுகள்

சுவருக்கு அடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு கண்ணில் தெறிக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டே குழாயடிக்கு ஓடி, முகத்தில் நாலு கை தண்ணீர் அடித்து, எரிச்சல் கொஞ்சம் அடங்கியதும் துண்டால் துடைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரவில் வலி தாங்காமல் மருத்துவமனைக்கு வரும்போது அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "உடனே கழுவிட்டேனே!" அது உண்மைதான். ஆனால் கழுவிய தண்ணீர் மூடிய இமைமேல் விழுந்து கன்னத்தில் வழிந்திருக்கும். அல்லது இரண்டே நிமிடத்தில் நிறுத்தியிருப்பார்கள். அல்லது மேலிமைக்கு உள்ளே ஒரு சுண்ணாம்புத் துகள் ஒட்டிக்கொண்டிருந்து, அத்தனை நேரமும் கரைந்துகொண்டே இருந்திருக்கும்.

சுண்ணாம்பு ஏன் அவ்வளவு மோசம்

சுண்ணாம்பு, ஈர சிமெண்ட், அடைப்பு நீக்கும் சோடா, அமோனியா இவையெல்லாம் காரப் பொருட்கள். ஆசிட் பட்டால் கருவிழியின் மேற்பரப்பில் உள்ள புரதம் உறைந்து, அந்த உறைந்த படலமே ஆசிட் இன்னும் உள்ளே போவதை ஓரளவு தடுத்துவிடும். கடுமையான ஆசிட் கண்ணைக் கெடுக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. அதையும் இதே அவசரத்தோடு கழுவ வேண்டும். காரம் அப்படி நிற்பதில்லை. உயிரணுக்களின் சவ்வில் இருக்கும் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அமோனியாவும் சோடாவும் சில நிமிடங்களுக்குள் கருவிழியைத் தாண்டிக் கண்ணின் உள்ளறைவரை போய்விடும்.

சுண்ணாம்பு அவ்வளவு வேகமாக ஊடுருவாது. அதன் ஆபத்து வேறு வகை. அது தண்ணீரில் மிகக் கொஞ்சமாகவே கரையும். கண்ணுக்குள் தங்கிய சிறு கட்டி கண்ணீரில் துளித்துளியாகக் கரைந்து, மணிக்கணக்கில் காரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். ஒரு திரவம் அமிலமா காரமா என்று காட்டும் அளவு பிஎச்; 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம் கூடும். கண்ணீரின் பிஎச் சாதாரணமாக 7-ஐ ஒட்டி இருக்கும். ஈரச் சுண்ணாம்பின் பிஎச் 12-ஐத் தாண்டும். அதனால்தான் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் வெறும் கழுவல் போதாது, துகளையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

நேரத்தைத் தின்னும் தவறுகள்

முதலில் வருவது கசக்குவது. சுண்ணாம்புக் கட்டிக்கும் சிமெண்ட் தூளுக்கும் கூர்மையான ஓரம் உண்டு. கசக்கினால் கருவிழியின் மேல்தோல் கீறி, காரம் நேராக உள்ளே இறங்க வழி கிடைக்கும். கையிலேயே சுண்ணாம்பு இருந்தால் கேடு இரட்டிப்பாகும்.

அடுத்தது, எதை ஊற்றிக் கழுவுவது என்று தேடுவது. சலைன் வாங்க ஆள் அனுப்புவது, தண்ணீர் காய்ச்சி ஆற வைப்பது, புட்டியின் லேபிளைப் படித்து மாற்று மருந்து தேடுவது எல்லாம் இழந்த நிமிடங்கள். குழாய்த் தண்ணீர் போதும். குடிக்கத் தக்க தண்ணீர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் எட்டுகிற தூரத்தில் இருக்கும் தெளிந்த தண்ணீரில் தொடங்குங்கள். கழுவாமல் வண்டி ஏற்றி மருத்துவமனைக்கு ஓடுவதும் இதே தவறுதான். அங்கே போனதும் அவர்கள் செய்யப்போகும் முதல் வேலை கழுவுவது. அதை நீங்கள் சம்பவம் நடந்த இடத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

காரத்துக்கு எதிராக வினிகர், ஆசிட்டுக்கு எதிராகச் சமையல் சோடாக் கரைசல் என்று ஊற்றவே கூடாது. இரண்டும் சேரும்போது வெப்பம் உண்டாகும். ஏற்கெனவே வெந்த திசுமேல் இன்னொரு ரசாயனமும் சேர்ந்துவிடும்.

கண்ணைத் திறக்காமல் கழுவுவது

அதிகம் பேர் செய்வது இதைத்தான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எரியும் கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். மன உறுதியால் திறந்து வைத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே இமைகளைப் பிரித்துப் பிடிக்க இன்னொருவரின் கை வேண்டும். தனியாக இருந்தால் உங்கள் கையாலேயே பிடிக்க வேண்டியதுதான். உதவுபவர் முதலில் தன் கையைக் கழுவிக்கொள்ளட்டும். கையுறை இருந்தால் போடட்டும்.

பிடிக்கும் முறை இது. ஒரு விரல் புருவ எலும்பின்மேல், இன்னொரு விரல் கன்ன எலும்பின்மேல். அழுத்தம் எலும்பில்தான் விழ வேண்டும், கண்விழிமேல் விழக்கூடாது. ஈரத்தில் இமை வழுக்கிக்கொண்டே இருக்கும். விரலுக்கும் இமைக்கும் நடுவே உலர்ந்த சுத்தமான துணித் துண்டை வைத்தால் பிடி நிற்கும்.

தலையை அடிபட்ட கண் கீழே இருக்கும்படி சாய்க்க வேண்டும். தண்ணீர் மூக்கோரத்தில் விழுந்து காதுப்பக்கமாக வெளியேற வேண்டும். மாற்றிச் சாய்த்தால் கழுவிய ரசாயனம் மூக்கைத் தாண்டி நல்ல கண்ணுக்குள் போய்விடும். இரண்டு கண்ணிலும் பட்டிருந்தால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கின் மேட்டில் ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் வழியும். பீய்ச்சி அடிக்கக் கூடாது. கொஞ்ச உயரத்திலிருந்து, விடாத மெல்லிய தாரையாக விழட்டும்.

கழுவும்போது மேலே, கீழே, இடம், வலம் என்று விழியை உருட்டச் சொல்லுங்கள். நேராகப் பார்த்தபடியே இருந்தால் இமைகளின் மடிப்புகளுக்குள் தண்ணீர் போகாது. காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதைக் கழற்றுவதற்காகக் கழுவலைத் தாமதிக்க வேண்டாம். பெரும்பாலும் தண்ணீரோடு வந்துவிடும். வராவிட்டால் ஊற்றிக்கொண்டே எடுத்துவிடுங்கள். அதை மறுபடி போடக்கூடாது.

சீக்கிரம் நிறுத்திவிடுவது

ஆசிட், காரம் எதுவானாலும் குறைந்தது 20 நிமிடம், சுண்ணாம்பு போன்ற காரத்துக்கு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் 4 நிமிடமே அரைமணி நேரம்போல் தோன்றும். தொழிற்கூடங்களில் வைக்கும் கண் கழுவும் சாதனத்துக்கு அமெரிக்கத் தரவிதி நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் வீதம் 15 நிமிடம் கேட்கிறது. அதாவது 22 லிட்டருக்கு மேல், ஒரு பெரிய வாளி நிறைய. ஒரு லிட்டர் பாட்டில் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். வேலையிடத்தில் பாட்டில் தண்ணீர் மட்டும்தான் உண்டு என்றால், விபத்துக்கு முன்பே ஒரு வாளியும் குவளையும் தயாராக இருக்கட்டும்.

எரிச்சல் குறைந்ததை நிறுத்துவதற்கான அடையாளமாகக் கொள்ளக்கூடாது. கருவிழியின் நரம்புகளே சிதைந்தாலும் வலி குறையும்.

ஒரு சம்பவத்தை நிமிடக் கணக்கில் பார்ப்போம்

கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவரின் வலது கண்ணில் ஒரு சொட்டு விழுகிறது. கூட இருப்பவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் எங்கே? அரை நிமிடத்துக்குள் வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து, இமையைப் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட வேண்டும். ஊற்றிக்கொண்டே தலையிலும் புருவத்திலும் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பைக் கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதுவும் கரைந்து உள்ளே வரும்.

ஐந்தாம் நிமிடம் அவர், "போதும், இப்ப தேவலை" என்பார். தொடருங்கள். இந்த நேரத்தில் கீழிமையைத் தாழ்த்திப் பாருங்கள். வெள்ளைக் கட்டி தெரிந்தால், நனைத்த சுத்தமான துணியின் முனையால் மெல்ல ஒற்றி எடுங்கள். கருவிழிமேல் ஒட்டியதைத் தொட வேண்டாம். அதைத் தண்ணீரும் மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். மேலிமையின் இமைமயிரைப் பிடித்து லேசாக முன்னே இழுத்து அந்த இடைவெளியிலும் தண்ணீர் போக விடுங்கள். துகள் பதுங்கும் முக்கிய இடம் அதுதான். 30 நிமிடம் முடிந்ததும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொண்டே போகலாம். கண்ணை அழுத்திக் கட்ட வேண்டாம். என்ன பொருள் பட்டது என்று காட்ட லேபிளின் படம் கையில் இருக்கட்டும்.

மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டுமருந்து விட்டு, பிஎச் தாளைக் கீழிமைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். 7-ஐ ஒட்டி வரும்வரை சலைனோ ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலோ லிட்டர் கணக்கில் ஓடும். நிறுத்திச் சில நிமிடம் கழித்து மறுபடியும் பிஎச் பார்ப்பார்கள். திசுவுக்குள் ஊறிய காரம் மெல்ல வெளியே வந்து அளவைத் திரும்ப ஏற்றிவிடும் என்பதால்தான் இந்த இரண்டாவது சோதனை. மறுபடி ஏறினால் எங்கோ ஒரு துகள் மிச்சம் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, மேலிமையை இரண்டு மடிப்பாகத் திருப்பித் துடைத்தெடுப்பார்கள்.

தூசி என்றால்

மண் தூசியோ மரத்தூளோ விழுந்தால் இவ்வளவு பாடு வேண்டாம். சிமிட்டி, கொஞ்ச நேரம் கழுவினால் பெரும்பாலும் வந்துவிடும். சிமெண்ட், சுண்ணாம்பு, சலவைத் தூள் போன்றவை தூளாக விழுந்தாலும் ரசாயனக் காயம்தான். மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும்.

சுத்தியல், உளி, அரைக்கும் இயந்திரம் இவற்றிலிருந்து பறந்துவந்த உலோகச் சில்லு வேறு கதை. அது கண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். வெளியே ஒரு சிறு கீறல் மட்டும் தெரியும். அப்போது தண்ணீரை வேகமாக ஊற்றவோ, அழுத்தவோ, பிடுங்கவோ கூடாது. காகிதக் குவளையின் அடிப்பகுதிபோல் எதையாவது, விழியில் படாமல் எலும்பின்மேல் தாங்கி நிற்கும்படி மூடிவைத்து, நேரே கொண்டுபோங்கள்.

எப்போது அவசர சிகிச்சைப் பிரிவு

ஆசிட், சுண்ணாம்பு, சிமெண்ட், அமோனியா, அடைப்பு நீக்கி எது பட்டிருந்தாலும், நன்றாகக் கழுவி வலியே இல்லை என்றாலும், அன்றே காட்ட வேண்டும். சாதாரணத் தூசியில், கழுவிய பிறகும் உறுத்தல் நிற்காவிட்டால், பார்வை மங்கினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கருமணியின் வடிவம் கோணலாகத் தெரிந்தால், கருவிழியில் வெண்மை படர்ந்தால் காத்திருக்கக் கூடாது.

ஓர் அடையாளம் பலரை ஏமாற்றுகிறது. சிவந்த கண் பயமுறுத்தும். சிவக்காமல் வெளிறிய கண் பரவாயில்லை என்று தோன்றும். காரக் காயத்தில் இது தலைகீழ். கருவிழியும் வெள்ளையும் சேரும் வட்ட ஓரத்தில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அந்த ஓரத்தில் ரத்தக்குழாய்கள் அழிந்துவிட்டால் அங்கே சிவப்பே வராது. பீங்கான்போல் வெளுத்துக் கிடக்கும். ரசாயனம் பட்ட கண் அப்படி வெளுத்திருந்தால் அது மோசமான காயம். கழுவலை நிறுத்தாமல் கொண்டுபோங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டையோ மரத்துப்போகும் சொட்டையோ விட வேண்டாம்.