நடுவில் இல்லாத கோணம்: முக்கோண வயலின் பரப்பில் நேரும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கத்தில், வாய்க்கால் வளைந்து செல்லும் இடங்களில் முக்கோணமான வயல்கள் ஒதுங்கிக் கிடக்கும். அப்படிப்பட்ட ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். அதன் மதகு மூலை A. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக B வரை 60 மீட்டர், வரப்பு ஓரமாக C வரை 40 மீட்டர். மதகு மூலையில் உள்ள கோணம் 70°. இரு பக்கங்களின் பெருக்கலில் பாதியை, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் பரப்பு கிடைக்கும்:

½ × 60 × 40 × sin 70° ≈ 1128 ச.மீ.

ஏறத்தாழ 28 சென்ட். நம் வழக்கில் ஒரு மா நிலத்துக்குச் சற்றுக் குறைவு.

மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது கோணத்தைத் தேர்வதில்தான். மதகடியில் சேறாக இருக்கிறதென்று B மூலையில் நின்று கோணத்தை அளந்தால் 39° கிடைக்கும். அதையே 60, 40 ஆகியவற்றுடன் சேர்த்துப் பெருக்கினால் 755 ச.மீ. வரும், ஒன்பது சென்டுக்கு மேல் காணாமல் போய்விடும். விடை நம்பத்தக்கதாகத் தோன்றுவதால் யாரும் ஐயுறுவதில்லை.

காரணத்தை அறிய C இலிருந்து வாய்க்கால் கரைக்கு ஒரு செங்குத்துக்கோடு இறக்கிப் பாருங்கள். அதன் நீளமே முக்கோணத்தின் உயரம். 40 மீட்டர் வரப்பு A இல் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுவே உயரத்தை முடிவு செய்கிறது: 40 × sin 70°, அதாவது சுமார் 37.6 மீட்டர். B இல் உள்ள கோணத்துக்கும் அந்த வரப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது BC என்னும் மூன்றாவது பக்கத்தின் சாய்வு. B இன் கோணத்தைத்தான் பயன்படுத்துவது என்றால், 40க்குப் பதிலாக BC இன் நீளத்தை அளந்தாக வேண்டும். இதை மறக்காமலிருக்க நான் வகுப்பில் சொல்லும் வழி எளியது: AB, AC என்னும் இரு பெயர்களிலும் பொதுவாக உள்ள எழுத்து எதுவோ, அந்த மூலையின் கோணமே இடைப்பட்ட கோணம்.

கால்குலேட்டர் திரையில் பாகையைக் குறிக்கும் DEG என்பதற்குப் பதிலாக ரேடியனைக் குறிக்கும் RAD இருந்தால் 929 ச.மீ. என்று வரும். இதுவும் பார்வைக்குச் சரியானதாகவே இருக்கும் என்பதால், கணக்கைத் தொடங்குமுன் sin 30 அழுத்தி 0.5 வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பரப்பைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்கும் கணக்கில் வேறொரு பிழை நேர்கிறது. 1128 ச.மீ. பரப்பும் 60, 40 பக்கங்களும் தெரிந்தால் கால்குலேட்டர் 70° என்று மட்டுமே காட்டும். ஆனால் 110° இன் சைன் மதிப்பும் அதுவே. ஆகவே மதகு மூலை விரிகோணமாக இருந்தாலும் பரப்பு மாறாது. வயலில் இதைத் தீர்க்க BC ஐ அளந்தால் போதும்: சுமார் 60 மீட்டர் இருந்தால் 70°, சுமார் 83 மீட்டர் இருந்தால் 110°.