877 இலவசம், 876 இலவசமில்லை

அமெரிக்காவிலும் கனடாவிலும் போன் எண்ணில் 1-க்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே அழைப்புக்கு யார் காசு கொடுப்பது என்று தெரிந்துவிடும். 800, 833, 844, 855, 866, 877, 888 என்றால் டோல்ஃப்ரீ. நீங்கள் கூப்பிட்டாலும் கட்டணம் கட்டுவது எண்ணின் சொந்தக்காரர்தான். ஆனால் செல்போனில் உங்கள் திட்டத்தின் நிமிடங்கள் கழியலாம். 900 என்றால் நேர்மாறு: வழக்கமான அழைப்பைவிடக் கூடுதல் கட்டணம், அதுவும் உங்கள் பில்லில்.

ஏமாறும் இடம் வேறு. 876-லிருந்து ஒரே ஒரு மணி அடித்து மிஸ்டு கால் வருகிறது. பார்க்க 877 மாதிரியே இருக்கும். சாதாரண ஏரியா கோடுதான், ஆனால் ஜமைக்காவுடையது! அதற்கும் தொடக்கம் 1 என்பதால் உள்ளூர் எண் போலத் தெரியும். திருப்பிக் கூப்பிட்டால் சர்வதேசக் கட்டணம் விழும். தெரியாத கோடு என்றால் அந்த மூன்று இலக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் டயல் செய்யுங்கள்.