குழு நேர்காணலுக்குப் பிறகு நன்றி மெயில்: பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் என்ன ஆகும்?

நான்கு பேர் உட்கார்ந்து நேர்காணல் எடுத்திருப்பார்கள். அன்று மாலை நன்றி சொல்லி ஒரு மெயில் எழுதி, பெயரை மட்டும் மாற்றி அதையே நான்கு பேருக்கும் அனுப்பிவிடுவது பலரின் வழக்கம். ஒருவருக்குப் போனது இன்னொருவருக்கு எப்படித் தெரியப்போகிறது என்ற எண்ணம்தான் காரணம்.

தெரிந்துவிடும். சேர்ந்து கேள்வி கேட்டவர்கள் சேர்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். அந்தப் பேச்சு நேர்காணல் முடிந்த அன்றோ மறுநாளோகூட நடக்கலாம். விண்ணப்பித்தவரிடமிருந்து வரும் மெயிலை எச்ஆருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யும் பழக்கமும் பலருக்கு உண்டு. எச்ஆர் அதை உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தால் நான்கு மெயில்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். "உங்களுடன் பேசியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்ற வரி நான்கு முறை. தனியாகப் படித்தபோது மரியாதையாகத் தெரிந்த அதே வரி, அடுக்கி வைத்துப் படிக்கும்போது வெறும் படிவமாகிவிடும்.

ஒரு நன்றி மெயில் மட்டுமே வேலையை வாங்கித் தந்துவிடாது. ஆனால் இருவருக்கிடையே யாரைத் தேர்ந்தெடுப்பது என்று குழு தயங்கும் வேளையில், கேட்ட கேள்வியைக் கவனித்து வாங்கிக்கொண்டவர் யார் என்பதற்கு அது ஒரு சான்றாக நிற்கும். அந்தச் சான்றைத்தான் நகல் மெயில் அழித்துவிடுகிறது.

சொல்லை மாற்றினால் மெயில் மாறிவிடாது

நகல் என்று தெரியக்கூடாது என நினைப்பவர்கள் அடுத்துச் செய்வது சொல் மாற்றம். ஒருவருக்கு "பயனுள்ள உரையாடல்", அடுத்தவருக்கு "சிறப்பான கலந்துரையாடல்", மூன்றாமவருக்கு "மகிழ்ச்சியான சந்திப்பு". வாக்கியம் மாறியிருக்கிறது, விஷயம் மாறவில்லை. ஒரு மெயில் உண்மையிலேயே தனி மெயில்தானா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. மேலே இருக்கும் பெயரை எடுத்துவிட்டுப் படியுங்கள். குழுவில் யாருக்குப் போகவேண்டியது என்று உங்களால் சொல்ல முடியவில்லையென்றால் அது இன்னும் நகல்தான்.

அந்த வேறுபாடு எழுத்துத் திறமையால் வருவதில்லை, குறிப்பிலிருந்து வருகிறது. நேர்காணல் முடிந்து வெளியே வந்ததும், அல்லது வீடியோ அழைப்பைத் துண்டித்ததும், பத்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: அவர் கேட்ட முக்கியமான கேள்வி, நீங்கள் சொன்ன பதிலின் சாரம், அப்போது அவர் முகத்திலோ பேச்சிலோ தெரிந்த அக்கறை. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் ஒரே விஷயத்தை இருமுறை சுற்றிவந்து கேட்டிருந்தால் அவருடைய கவலை அங்கேதான் இருக்கிறது. மாலைவரை தள்ளிப்போட்டால் கேள்வி நினைவிருக்கும், யார் கேட்டார் என்பது குழம்பிவிடும். ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேட்டதாக எழுதுவது நகல் மெயிலைவிட மோசமான தவறு.

தொடக்கத்தில் அவர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போதே, உட்கார்ந்திருக்கும் வரிசையில் பெயரையும் பொறுப்பையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு குழு, நான்கு மெயில்கள்

தரவு ஆய்வாளர் வேலைக்கு நடந்த ஒரு நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் அணி மேலாளர், மூத்த தொழில்நுட்பப் பொறியாளர், விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், எச்ஆர். நேர்காணல் முடிந்ததும் எழுதிய குறிப்பு இப்படி இருக்கிறது. மேலாளர்: சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வீர்கள், வாராந்திர அறிக்கை தாமதமாவதை இருமுறை சொன்னார். பொறியாளர்: இரண்டு அட்டவணைகளை இணைத்தபின் விற்பனைத் தொகை இருமடங்காக வந்தால் என்ன செய்வீர்கள், அட்டவணையில் ஒரே மாதிரி இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் காட்டும் `DISTINCT` போடுவேன் என்றேன், அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. விற்பனைப் பிரிவு: எங்கள் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் எதை நம்புவது. எச்ஆர்: எப்போது சேர முடியும், ஒரு மாதம் வேண்டும் என்றேன்.

இந்தக் குறிப்பு இருந்தால் மெயில் எழுதுவது கடினமில்லை. மேலாளருக்கு:

"இன்று நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. வாராந்திர அறிக்கை தாமதமாவதைப் பற்றிச் சொன்னீர்கள். நான் சேர்ந்தால் முதல் இரண்டு வாரம் அந்த அறிக்கையைக் கையால் ஒருமுறை தயாரித்துப் பார்ப்பேன். எந்தப் படியில் நேரம் போகிறது என்று தெரிந்தபிறகே எதைத் தானியங்கியாக்குவது என்று முடிவு செய்வேன்."

பொறியாளருக்கான மெயில்தான் இந்த நான்கில் முக்கியமானது, ஏனெனில் அவரிடம் சொன்ன பதில் சரியில்லை. ஒரு ஆர்டருக்குப் பல பணம் செலுத்திய பதிவுகள் இருந்தால், ஆர்டர் அட்டவணையையும் செலுத்தல் அட்டவணையையும் இணைக்கும்போது அந்த ஆர்டரின் வரி அத்தனை முறை திரும்ப வரும், அதன் தொகையும் அத்தனை முறை கூட்டப்படும். செலுத்திய தொகைகள் வேறுவேறாக இருந்தால் வரிகளும் வேறுபட்டவையே, எனவே `DISTINCT` எதையும் நீக்காது. தொகைகள் ஒன்றாக இருந்தாலோ உண்மையான ஒரு பதிவையே மறைத்துவிடக்கூடும். அவருக்கு:

"தொகை இருமடங்காவது பற்றிய கேள்விக்கு நான் சொன்ன பதில் முழுமையானதல்ல. காரணம் ஒரு ஆர்டருக்குப் பல செலுத்தல்கள் இருப்பது. செலுத்தல் அட்டவணையை முதலில் ஆர்டருக்கு ஒரு வரி என்று கூட்டிச் சுருக்கிவிட்டுப் பிறகு இணைப்பதே சரி. இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் தவறு உடனே தெரியும். கேட்டதற்கு நன்றி."

தவறான பதிலைத் திருத்தும்போது இவ்வளவு போதும். பதற்றத்தில் சொல்லிவிட்டேன், தூக்கம் இல்லை என்றெல்லாம் விளக்க வேண்டியதில்லை. திருத்தத்தை நான்கு பேருக்கும் அனுப்புவதும் வேண்டாம். கேள்வி கேட்டவருக்குத்தான் அது பதில், மற்றவர்கள் கவனிக்காத தவறை அவர்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டிய அவசியம் இல்லை. திருத்தக்கூடியது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பதில்களைத் திருத்தினால் நேர்காணலையே திரும்ப எழுதுவதுபோல் ஆகிவிடும்.

விற்பனைப் பிரிவினருக்கு எழுதும்போது அட்டவணை, இணைப்பு என்ற பேச்சே வேண்டாம். "இரண்டு கணக்கும் ஒத்துப்போகாதபோது, 'விற்பனை' என்று எந்த நாளைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் கேட்பேன். நீங்கள் ஆர்டர் வந்த நாளையும் நாங்கள் பணம் வந்த நாளையும் எடுத்தால் இரண்டு எண்ணும் சரியாக இருந்தும் பொருந்தாது" என்று எழுதினால் அது அவருடைய அன்றாடத் தலைவலிக்கு நேரான பதில். எச்ஆருக்கு நடைமுறை மட்டும்: ஏற்பாட்டுக்கு நன்றி, சேர ஒரு மாதம் ஆகும் என்பதன் உறுதிப்பாடு, கேட்ட சான்றிதழ் இருந்தால் இணைப்பு.

ஒவ்வொன்றும் நான்கைந்து வரிக்குள். சப்ஜெக்ட் வரி நான்கிலும் ஒன்றாக இருந்தால் தவறில்லை: வேலையின் பெயர், நேர்காணல் தேதி, உங்கள் பெயர். தேடி எடுக்க அதுதான் வசதி.

ஒன்றாக இருக்க வேண்டியவையும் உண்டு

தனித்தனியாக எழுத வேண்டும் என்பதை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டால் எதிர்த்திசையில் ஒரு தவறு நேரும். மேலாளரிடம் "இரண்டு வாரத்தில் சேர்ந்துவிடுவேன்", எச்ஆரிடம் "ஒரு மாதம் ஆகும்". ஒருவரிடம் குழுவை வழிநடத்தத்தான் ஆசை என்றும், இன்னொருவரிடம் நிரல் எழுதுவதே பிடிக்கும் என்றும். மெயில்கள் அடுக்கி வைத்துப் படிக்கப்படும் என்பதை இங்கேயும் மறக்கக்கூடாது. சேரும் தேதி, சம்பள எதிர்பார்ப்பு, அனுபவ ஆண்டுகள், எந்தப் பணியை விரும்புகிறீர்கள் என்பது எங்கே சொன்னாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இதில் சம்பளத்தை எச்ஆர் தவிர மற்றவர்களிடம் எடுக்காமலிருப்பதே நல்லது.

நான்கையும் எழுதி முடித்தபின் அனுப்புவதற்கு முன், ஒரே பக்கத்தில் வைத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் வரிகளும் முரணும் பெயர் மாற்ற மறந்ததும் கண்ணில் படும். முந்தைய மெயிலிலிருந்து ஒட்டிய வரிக்கு எழுத்துருவோ அளவோ மாறியிருப்பதும் இங்கேதான் பிடிபடும். நகலைக் காட்டிக்கொடுப்பது பல நேரம் அந்த எழுத்துருதான். மெயிலை எழுதி முடித்து, கடைசியில் பெயரைச் சரிபார்த்து முகவரியை இட்டால் ஒருவருடையது இன்னொருவருக்குப் போகும் வாய்ப்பு குறையும்.

எதுவும் கேட்காதவரும், முகவரி தெரியாதவர்களும்

குழுவில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு பேசாமலே இருந்திருக்கலாம். அவருக்காக இல்லாத உரையாடலை உண்டாக்காதீர்கள். "உங்களுடன் பேசியதில் மகிழ்ச்சி" என்று பேசாதவருக்குப் போகும் மெயில் நகல் என்பதைத் தானே சொல்லிவிடும். அவருடைய பொறுப்பைத் தொடும் ஏதாவது நேர்காணலில் வந்திருந்தால் அதைக் குறிப்பிட்டு இரண்டு வரி. இல்லையென்றால் நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, அதோடு சரி.

சிலருடைய முகவரி கிடைக்காது. மற்றவர்களின் முகவரி அமைப்பைப் பார்த்து ஊகித்து அனுப்புவது தவறு. மெயில் திரும்பி வரலாம், அதே பெயருள்ள வேறு ஊழியருக்கும் போகலாம். ஏற்பாடு செய்த எச்ஆரிடம் முகவரி கேளுங்கள். தரமுடியாது என்றால் அவருக்கே ஒரு மெயில் அனுப்பி, உள்ளே மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒவ்வொரு பத்தி எழுதி, உரியவர்களிடம் சேர்க்கச் சொல்லலாம். எல்லாரையும் ஒரே முகவரி வரியில் சேர்த்து அனுப்பும் மெயிலும் இப்படிப் பத்தி பிரித்து எழுதினால் ஏற்கத்தக்கதே. நான்கு பொய்யான தனி மெயில்களைவிட ஒரு நேர்மையான பொது மெயில் மேல். எச்ஆரே எல்லாரையும் சேர்த்து ஒரு மெயில் தொடரை ஆரம்பித்திருந்தால் அதிலேயே பதில் போடுவது இயல்பானது. ஆனால் பொறியாளருக்கான திருத்தம் அங்கே வேண்டாம்.

பதில் வராதபோது

முதல் மெயிலை 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிட்டு, சொன்ன தேதிவரை காத்திருக்கவேண்டும். அந்தத் தேதி தாண்டி இரண்டு வேலை நாள் போனபின், தேதி எதுவும் சொல்லவில்லையென்றால் ஒரு வாரம் கழித்து, நிலை என்ன என்று கேட்கலாம். அதை ஒருவரிடம் மட்டும் கேளுங்கள்: எச்ஆரிடம். நான்கு பேரிடமும் தனித்தனியாக "முடிவு என்ன ஆயிற்று" என்று கேட்டால் மூன்று பேர் அதை எச்ஆருக்குத் திருப்பி அனுப்புவார்கள். ஒரே கேள்வி நான்கு முறை அவர் முன் வந்து நிற்கும், முதலில் தவிர்த்த நகல் வேறு வழியாக உள்ளே வந்துவிடும். இந்த மெயிலுக்கு மூன்று வரி போதும்: எந்த வேலை, எந்தத் தேதி நேர்காணல், முடிவு எப்போது எதிர்பார்க்கலாம். பொறியாளரோ மேலாளரோ முதல் மெயிலுக்குப் பதிலாக ஏதாவது கேட்டிருந்தால், அவர்களுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள், முடிவைப் பற்றிய பேச்சை அதில் சேர்க்காதீர்கள்.