வயதுக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவது எப்படி?

நுண்ணறிவுப் பகுதியில் வயதுக் கணக்கைப் பிழைவிடும் பிள்ளைகளில் பலருக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் நன்றாகவே வரும். வசனத்தைச் சமன்பாடாக மாற்றும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒரு கணக்கை எடுத்து அந்த இடத்தை நிதானமாகப் பார்ப்போம்.

கணக்கு: 4 வருடங்களுக்கு முன் தாயினதும் மகளினதும் வயதுகளின் விகிதம் 5:1. இன்னும் 6 வருடங்களில் அவ்விகிதம் 5:2 ஆகும். தாயின் தற்போதைய வயது என்ன?
விடைகள்: (1) 10 (2) 30 (3) 34 (4) 40

படி 1: காலங்களைப் பிரித்து எழுதுங்கள். சமன்பாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். தாளின் ஓரத்தில் "4 வருடம் முன்", "இப்போது", "6 வருடம் பின்" என்று மூன்று வரி எழுதுங்கள். இந்த மூன்று வரியை எழுதாமல் விடுவதால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன.

படி 2: விகிதம் எந்தக் காலத்துக்கு உரியதோ அந்த வரியில் எழுத்தைப் போடுங்கள். 5:1 என்றால் வயது 5, 1 என்று அர்த்தமில்லை. தாயிடம் 5 சம பங்கு, மகளிடம் அதே அளவில் 1 பங்கு. ஒரு பங்கு எத்தனை வருடம் என்று தெரியாததால் அதை k என்று வைப்போம். (x என்று எழுதினால் அவசரத்தில் பெருக்கல் குறி போலத் தெரியும்.)

```
4 வருடம் முன்   தாய் 5k        மகள் k
இப்போது        தாய் 5k + 4    மகள் k + 4
6 வருடம் பின்   தாய் 5k + 10   மகள் k + 10
```

கடைசி வரியில் 10 எப்படி வந்தது? k இருப்பது 4 வருடங்களுக்கு முந்திய வரியில். அங்கிருந்து இன்றைக்கு 4, இன்றிலிருந்து இன்னும் 6. வினாவில் 6 என்று இருப்பதைப் பார்த்து 5k + 6 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அப்படி எழுதித் தீர்த்தால் k = 3.6 என்று வரும். வயதுக் கணக்கில் தசமம் வந்தால் முதலில் கால இடைவெளியைத் திரும்பப் பாருங்கள்.

படி 3: இரண்டாவது விகிதத்தைச் சமன்பாடாக்குங்கள்.

```
(5k + 10) / (k + 10) = 5 / 2
2(5k + 10) = 5(k + 10)
10k + 20 = 5k + 50
k = 6
```

இங்கே சிலர் 5:2 என்பதை 5k, 2k என்று எழுதி, 5k + 10 = 5k என்பார்கள். 10 = 0 என்று வந்து நிற்கும். முதல் விகிதத்தின் ஒரு பங்கும் இரண்டாவது விகிதத்தின் ஒரு பங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் k முதல் விகிதத்துக்கு மட்டும்தான்.

படி 4: கேட்டதற்கு விடை எழுதுங்கள். தாயின் தற்போதைய வயது 5 × 6 + 4 = 34. விடை (3). 30 என்பது 4 வருடங்களுக்கு முன் இருந்த வயது, 40 என்பது 6 வருடங்களின் பின் வரும் வயது, 10 என்பது மகளின் இன்றைய வயது. நான்கு விடைகளுமே இந்தக் கணக்குக்குள் இருக்கும் எண்கள்தான். அதனால், வந்த எண் விடைகளில் இருப்பதைக் கண்டு நிம்மதியடைய வேண்டாம்.

சரிபார்க்க வித்தியாசத்தைப் பாருங்கள்: 30 − 6, 34 − 10, 40 − 16 எல்லாமே 24. விகிதம் மாறலாம், வயது வித்தியாசம் மாறாது.

வயது இல்லாத விகிதக் கணக்கு

திருகோணமலையிலிருந்து மூதூர் போகும் பஸ்ஸில் பெரியவர்களும் சிறுவர்களும் 7:3 என்ற விகிதத்தில் இருக்கிறார்கள். கிண்ணியாவில் பெரியவர்கள் 8 பேர் இறங்குகிறார்கள், ஒருவரும் ஏறவில்லை. இப்போது விகிதம் 5:3. முதலில் பஸ்ஸில் எத்தனை பேர்?

வயதுக் கணக்கில் பழகிய கை இரண்டு பக்கமும் 8ஐக் கழிக்கப் பார்க்கும். ஆனால் வருடம் எல்லோருக்கும் ஒன்றாகக் கூடும், பஸ்ஸில் இறங்குவது பெரியவர்கள் மட்டும். எனவே:

```
(7k − 8) / 3k = 5 / 3
21k − 24 = 15k
k = 4
```

பெரியவர்கள் 28, சிறுவர்கள் 12, மொத்தம் 40 பேர். இரண்டு பக்கமும் 8ஐக் கழித்திருந்தால் 6k = −16 என்று வரும். ஆட்களின் எண்ணிக்கை மறையாக இருக்க முடியாது.

இதே கணக்கைச் சமன்பாடே இல்லாமலும் முடிக்கலாம். சிறுவர்கள் தொகை மாறவில்லை, இரண்டு விகிதத்திலும் அவர்களுக்கு 3 பங்குதான். ஆகவே பங்கின் அளவும் மாறவில்லை. பெரியவர்களில் 7 பங்கு 5 ஆனது, குறைந்த 2 பங்கு 8 பேர், ஒரு பங்கு 4 பேர். மாறாத பக்கத்தின் எண் இரண்டு விகிதத்திலும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இப்படி நேரடியாகச் செய்யலாம். இரண்டாவது விகிதம் 5:2 என்று தரப்பட்டால் சிறுவர்களின் பங்கைப் பொதுவாக்கி, 14:6 என்றும் 15:6 என்றும் முதலில் மாற்ற வேண்டும். மாற்றியதும் பெரியவர்களின் பங்கு கூடியிருப்பது தெரியும்: அந்த வினாவில் ஆட்கள் ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்க முடியாது.